உட்கார்ந்து வாங்கிய கும்பிடு

நெற்றி தரையைத் தொட்டுவிட்டது. கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைத் தாண்டி வெளியே நீண்டு கிடந்த அந்த இரண்டு பாதங்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் முதுகுக்குப் பின்னால் மாமியாரின் அலறல் கேட்டது.

"ஏய்! எந்திரி! எந்திரி முதல்ல!"

அவள் பதறி எழுந்தாள். எழுந்த வேகத்தில் புதுப்புடவையின் கொசுவம் காலில் மிதிபட்டுப் பாதி அவிழ்ந்தது. பொத்திப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். மாமியார் வாசற்படியிலேயே நின்றிருந்தாள். பேருந்தடியில் மகனையும் மருமகளையும் எதிர்கொண்டு சுமந்துவந்த பை இன்னும் தோளில் தொங்கியது.

"படுத்துக் கிடக்கறவங்க கால்ல யாராவது விழுவாங்களா? பொணத்துக்குத்தான் அப்படி விழுவாங்க. உசுரோட இருக்கற மனுஷனுக்கு அந்தக் கும்பிடைப் போட்டுட்டியே, நாசமாப் போச்சு. பண்டிகை நாள் அதுவுமா!"

அவளுக்கு முகம் எரிந்தது. இதெல்லாம் யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்தானே தெரியும். கட்டட வேலை நடக்கும் இடங்களிலேயே பிறந்து, மணல் குவியலில் தூங்கி வளர்ந்தவள். அம்மா சாரத்திலிருந்து விழுந்து செத்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு முன்னால் யார் யார் இருந்தார்கள் என்று அப்பாவுக்கே தெரியாது. காலில் விழுவதற்குப் பெரியவர்கள் என்று ஒரு ஜோடி தனக்கும் கிடைத்திருக்கிறது என்பதைத்தான் மூன்று வாரமாக மனசுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். தன் கூலியில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு சேலை வாங்கினாள். கடைக்காரன் கொடுத்த பையைக்கூட கசங்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்ததும் புருஷனுடைய தாத்தாவைக் கண்டாள், விழுந்துவிட்டாள்.

"மேஸ்திரி..." என்று புருஷனைப் பார்த்தாள்.

"வீட்டுக்கு வந்தும் மேஸ்திரியா?" என்றாள் மாமியார்.

அவன் அவளை வேலைக்குச் சேர்த்த கொத்தனார். இரண்டு வருஷம் அவனுக்குச் செங்கல் சுமந்தவள். தாலி ஏறி மூன்று வாரத்தில் வாய் எப்படி மாறும்? அவன் தலையைச் சொறிந்தான். "விடும்மா. தெரியாமப் பண்ணிட்டா."

"தெரியாமப் பண்ணினா இல்லேன்னு ஆயிடுமா? முதல் பண்டிகைக் கும்பிடு ஒரு தடவைதான். ஜோடியா உக்காந்து வாங்கணும், ஜோடியாப் போடணும். இவ பாட்டுக்கு வந்தா, பொணக் கும்பிடு ஒண்ணு போட்டா, முடிஞ்சுது இவ கணக்கு."

அவள் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள்.

அப்பொழுதுதான் அந்த மனிதரை முழுசாகப் பார்த்தாள். அவ்வளவு நீளமான ஆளை அவள் படுக்கையில் பார்த்ததில்லை. பன்னிரண்டு நாளாகச் சோறில்லாமல் சதையெல்லாம் வற்றிப்போயிருந்தது. ஆனால் எலும்பு வற்றவில்லை. தோளெலும்பு மண்வெட்டிக் காம்புபோல நின்றது. பாதங்கள் மனிதப் பாதங்களாகவே இல்லை. விரல்கள் விரிந்து, குதிகால் கறுத்துப் பிளந்து, பாறையைச் செதுக்கி அரைகுறையில் விட்டதுபோல இருந்தன. கிணறு வெட்டின பாதம். நாற்பத்தோரு கிணறு என்று மேஸ்திரி சொல்லியிருந்தான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் குடித்தவன் எவனும் இந்தப் பாதம் நின்ற இடத்திலிருந்து குடித்தவன்தான். ஊரில் அவருக்குப் பெயரே ஊற்றுக்காரர்.

வாதம் இடது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. வாய் கோணி ஒரு பக்கம் திறந்திருந்தது. மூச்சு வந்தது, நின்றது, யோசித்தது, மறுபடி வந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. அது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கொசுவத்தைச் சொருகக் குனிந்தாள். முந்தானை கட்டிலின்மேல் சரிந்தது. அதை எடுக்கப் போனாள், வரவில்லை. கிழவரின் வலது கை அதைப் பிடித்திருந்தது.

ஒரு இழு. இன்னொன்று. இன்னொன்று. பிறகு கை ஓய்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடியும், ஒன்று, இரண்டு, மூன்று. சிறிய இழுப்புதான், ஆனால் வெறும் நடுக்கமில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி.

"ஐயோ, வலிப்பு வெட்டு வருது பாரு! கையைப் புடி, கையைப் புடி!" என்று மாமியார் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து இதான். கட்டில் விரிப்பைப் புடிச்சு இழுக்கறது, என் சேலையைப் புடிச்சு இழுக்கறது. ஊசி போட வர்ற நர்ஸும் பாத்துட்டு நரம்பு துடிக்குதுன்னாங்க."

"நரம்புமில்லை, ஒண்ணுமில்லை" என்று ஒரு குரல் கேட்டது.

கொல்லைக் கதவில் கிழவரின் பெண்டாட்டி, அந்த வீட்டுக் கிழவி, நின்றிருந்தாள். பண்டிகைக் குளியல் முடித்து ஈரத்தலையோடு வந்திருந்தாள். குள்ளமான உடம்பு, ஆனால் தோள் மட்டும் ஆண்பிள்ளைத் தோள். பேத்தி வயசுப் பெண்களைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுகிற முகமில்லை. அவளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள், சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி.

"நீதான் புதுசா?"

"ஆமா பாட்டி."

"என்ன வேலை பாத்த?"

"சித்தாள். செங்கல், ஜல்லி, சிமெண்டு எல்லாம் சுமப்பேன்."

"மூட்டையா, சட்டியா?"

"மூட்டையே தூக்குவேன்."

கிழவி தலையை ஆட்டினாள். பிறகு கட்டிலருகே வந்து குனிந்து, கிழவரின் கை அடுத்தமுறை இழுப்பதற்காகக் காத்திருந்தாள். இழுத்தது. மூன்று. கிழவியின் முகத்தில் அப்படி ஒரு மாற்றம் வந்தது. உறங்கிக்கொண்டிருந்த ஆள் தன் பெயரைக் கேட்டு எழுந்தாற்போல.

"நேத்திலேர்ந்து இழுக்கறாரா? எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு அத்தை?"

"உன் சேலையைப் புடிச்சு இழுத்தா உனக்கென்ன தெரியும். நீ கயிறு புடிச்சவளா?" கிழவி நிமிர்ந்தாள். "அவரு உள்ள, நான் மேல. அறுபதடி ஆழத்துல கத்தினா மேல கேக்காது, வெறும் முழக்கம்தான் வரும். அதனால கயிறுதான் பேச்சு. ஒண்ணு இழுத்தா சட்டி ரொம்பிடுச்சு, ஏத்து. ரெண்டு இழுத்தா நிறுத்து. மூணு இழுத்தா ஆள் மேல வர்றேன், தூக்கு." கட்டிலைப் பார்த்தாள். "இவரு மேல வரணும்ங்கறாரு."

பக்கத்து வீட்டில் பண்டிகைக்குப் புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின.

"உக்காரணும்ங்கறாரு" என்றாள் கிழவி, விளங்காதவர்களுக்குச் சொல்வதுபோல. "பேரன் பொண்டாட்டி முதல் கும்பிடு போட வர்ற நாள் தெரியாதா அவருக்கு? காது நல்லாத்தான் இருக்கு. நீ கத்தினதும் கேட்டிருக்கும், பொணக் கும்பிடுன்னு."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாட்டி, வேணாம்" என்றான் மேஸ்திரி. பத்து மாடி சாரத்தில் ஒற்றைக்காலில் நின்று பூசுகிற ஆள், கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். "நர்ஸ் என்ன சொன்னாங்க? படுத்தே இருக்கட்டும், நிமித்தினா மூச்சு நின்னுடும்னாங்கல்ல?"

"நிமித்தலைன்னா நிக்காதா?"

"அது... இன்னும் ஒரு நாளோ ரெண்டு நாளோ..."

"ஒரு நாளை வச்சுக்கிட்டு என்ன பண்ணச் சொல்ற? இங்க பாரு. நாப்பத்தஞ்சு வருஷம். அந்த ஆளு மூணு தடவை இழுத்து நான் தூக்காம இருந்ததே கிடையாது. ஒரு தடவைகூட."

கிழவி உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். பெருமைக்காகக் காட்டவில்லை, ரசீது காட்டுகிற மாதிரி. இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு, பெருவிரல் தடிமனில். கப்பி உடைந்த நாளில் கயிறு ஓடிய தடம். கீழே பாதித் தூரத்தில் அவர் தொங்கிக்கொண்டிருந்தார். கையில் தோல் உரிந்து கயிறு சிவப்பான பிறகும் கிழவி விடவில்லை. மேஸ்திரி இந்தக் கதையைச் சொன்னபோது அவள் அரைகுறையாகத்தான் நம்பியிருந்தாள். இப்போது அந்தக் கைகளைப் பார்த்ததும் தன் கைகளைத் தன்னையறியாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் சொன்னாள்: "நான் தூக்கறேன் பாட்டி."

மேஸ்திரி அவளை முறைத்தான். அவள் பார்க்கவில்லை. அவளுக்குப் பயம் இருந்தது. தன் கையில் அந்த மூச்சு நின்றால் ஊர் என்ன சொல்லும் என்பது தெரியாதவளில்லை. வந்த அன்றைக்கே கிழவரை விழுங்கினவள் என்று பெயர் விழும். ஆனால் அந்தக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தவறிப் போட்ட கும்பிடைத் திருத்திப் போடச் சொல்லி ஒரு மனிதர் சாவின் விளிம்பிலிருந்து கயிறு இழுக்கிறார். அதற்கப்புறம் ஊரென்ன பெயரென்ன.

"முதல்ல குளிப்பாட்டித் துணி மாத்தணும்" என்றாள் கிழவி. "புதுசு கொண்டுவந்த துணியைப் போட்டுட்டுத்தான் உக்காரணும். அழுக்கு வேட்டியில கும்பிடு வாங்கக் கூடாது."

வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தார்கள். கிழவி முகத்தையும் மார்பையும், அவள் கால்களை. குதிகால் வெடிப்புகளுக்குள் இன்னும் சிவப்பு மண் இருந்தது. கடைசிக் கிணறு வெட்டிப் பதினோரு வருஷம் ஆகிறதாம். எத்தனை குளியலுக்கும் போகாமல் அந்த மண் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. அவள் துணியை நிறுத்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். துடைத்து எடுக்க மனசு வரவில்லை, விட்டுவிட்டாள்.

வேட்டியை மேஸ்திரி சுற்றினான். மாமியார் மூலையில் நின்றிருந்தாள். உதவவும் இல்லை, போகவும் இல்லை.

"கட்டில் தொய்ஞ்சு கிடக்கு, உக்காந்தா உள்ள போயிடுவாரு. பலகையை எடுத்து வா" என்றாள் கிழவி.

மேஸ்திரி பரண்மேலிருந்து இறக்கினான். இரண்டு முனையிலும் கயிறு கோக்கத் துளை போட்ட தடித்த பலகை. அதில் உட்கார்ந்துதான் அவர் கிணற்றுக்குள் இறங்குவாராம். உட்காருமிடம் வழவழவென்று குழிந்திருந்தது. கட்டிலின் விளிம்போடு சேர்த்து அதை வைத்து, அடியில் செங்கல் கொடுத்தான். ஆடாமல் நிற்கிறதா என்று அவனே உட்கார்ந்து பார்த்தான்.

அவள் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முழங்கால் மடக்கிக் குனிந்தாள். ஆளைத் தூக்குவதும் மூட்டையைத் தூக்குவதும் ஒன்றுதான். முதுகில் வாங்கக் கூடாது, வயிற்றோடு சேர்த்துக் காலில் வாங்க வேண்டும். சாரத்திலிருந்து விழுந்தவர்களை அவள் தூக்கியிருக்கிறாள். முதலில் கால் இரண்டையும் கட்டிலுக்கு வெளியே இறக்கினாள். பிறகு ஒரு கையை அவர் முதுகுக்குக் கீழே தோள்வரைக்கும் விட்டு, இன்னொரு கையை இடுப்புக்குக் கொடுத்தாள்.

"தாத்தா, ஏத்தறேன்" என்றாள் காதில்.

மெல்ல, ஒரே சீராக. தலை அவள் தோளில் சாய்ந்தது. மூச்சு நின்றது. அவளும் நின்றாள். பாதி உயரத்தில், அவ்வளவு எடையையும் தொடையில் தாங்கிக்கொண்டு, அவருடைய மூச்சு வரட்டும் என்று நின்றாள். மேஸ்திரி "ஐயோ" என்றான். வந்தது. கரகரவென்று, ஆழத்தில் எங்கோ சரளைக்கல் சரிவதுபோல. மறுபடியும் ஏற்றினாள். பலகையின் குழிவில் அவருடைய இடுப்பு போய் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்திப்போயிற்று. முதுகுக்குப் பின்னால் தலையணைகளையும் சுருட்டிய போர்வையையும் கொடுத்தாள். பாதங்கள் இரண்டும் தரையில் அழுந்தப் பதிந்தன.

உட்கார்ந்திருந்தார். அந்த வற்றிய உடம்பு உட்கார்ந்ததும் அறையே சின்னதாகிப்போனது.

கிழவி புதுச்சேலையைச் சுற்றிக்கொண்டு வந்து அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். உயிரில்லாத இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "கிழக்கைப் பாத்துதானே இருக்கோம்? ஆங். தட்டு எங்கே?"

தட்டில் இரண்டு பழம், பூ, மடித்த ரவிக்கைத் துணி. முந்தினநாளே கிழவி எடுத்து வைத்திருந்தாள். அதைக் கிழவரின் வலது கைக்குக் கீழே கொண்டுவந்து, அந்தக் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள். இரண்டு பேர் கையும் படவேண்டும்.

"ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க. புதுசு, நீ அவனுக்கு இடப்பக்கம். அவன் நெடுக விழணும், நீ மண்டி போட்டு நெத்தி தரையில படணும். எங்க ரெண்டு பேர் காலையும் தொடணும், ஒருத்தர் காலை மட்டும் தொட்டா அரைக் கும்பிடு. தலையில கை வச்சு வார்த்தை சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. சரியா?"

"சரி பாட்டி."

விழுந்தார்கள். அவள் ஒரு கையால் கிழவரின் பாதத்தையும் மறுகையால் கிழவியின் பாதத்தையும் பிடித்தாள். ஒன்று சில்லென்றிருந்தது, ஒன்று வெந்நீர்ச் சூட்டோடு. நெற்றியைத் தரையில் வைத்தாள். தலையில் கை வந்தது. கிழவிதான் கிழவரின் கையை எடுத்து வைத்திருக்கவேண்டும். எவ்வளவு பெரிய கை. தலை முழுவதையும் கவிழ்த்துக்கொண்டது, செங்கல் அடுக்கிய சும்மாட்டைவிடக் கனமாக.

வார்த்தைக்காகக் காத்திருந்தாள். வார்த்தை எங்கிருந்து வரும்? நேரம் போயிற்று. முழங்கால் வலித்தது. கிழவியும் சொல்லவில்லை, அவர் சொல்லாமல் அவள் முந்திக்கொள்ளக் கூடாதுபோல.

அப்போது தலைமேலிருந்த விரல்கள் மடங்கின. அவளுடைய முடியைக் கொத்தாகப் பிடித்து, இழுத்தன. ஒரே ஒரு தடவை.

"ஒண்ணு" என்றாள் கிழவி. செருமிக்கொண்டாள். "ரொம்பிடுச்சாம். சொல்லியாச்சு. எந்திரிங்க."

அவள் முந்தானையை விரித்துத் தட்டிலிருந்ததை வாங்கினாள்.

மூலையில் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக் கிழவி, "ஏன் அங்கேயே நிக்கற?" என்றாள்.

"நான் எதுக்கு? அதான் முடிஞ்சுதே."

"உனக்கு முடியலையே."

மாமியார் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. மருமகளைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கும் முதல் பண்டிகைன்னு ஒண்ணு வந்துச்சு தெரியுமா? இதே மாதிரி துணி வாங்கிக்கிட்டு, இவங்க புள்ளையோட பஸ் ஏறி வந்தேன். வீடு பூட்டிக் கிடந்துச்சு. ரெண்டு பேரும் எங்கேயோ கிணத்து வேலைக்குப் போயிட்டாங்க. பொழுது சாயற வரைக்கும் உக்காந்து பாத்தேன். அப்புறம் துணியை வாசப்படியில வச்சேன், பூட்டுக்கு ஒரு கும்பிடு போட்டேன், திரும்பிட்டேன். பூட்டு என்ன ஆசீர்வாதம் பண்ணும்? ஆறே வருஷம். தாலியும் போச்சு."

"கிணத்துச் சுவர் சரிஞ்சு உள்ள ஒரு ஆள் மாட்டிக்கிட்டான்" என்றாள் கிழவி. "மூணு நாள் தோண்டினோம்."

"தெரியும். உசுரோட எடுத்தீங்க. ஊரே சொல்லிச்சு. நான் தப்புன்னு சொன்னேனா?"

சொன்னதில்லைதான். முப்பது வருஷம் இந்த இருவருக்கும் சோறாக்கிப் போட்டாள், பீ மூத்திரம் எடுத்தாள். காலில் மட்டும் விழுந்ததில்லை. எந்தப் பண்டிகைக்கும் இல்லை.

கிழவி, "புதுசு, அந்த ட்ரங்குப் பெட்டியைத் திற. அடியில கை விடு" என்றாள்.

அடியில் பழந்துணிகளுக்குக் கீழே ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. காகிதம் தொட்டதுமே உதிர்ந்தது. உள்ளே மடிப்புக் கலையாத ஒரு துண்டு, ஒரு சேலை. மடிப்போரங்கள் பழுத்து மஞ்சளாகியிருந்தன. கடைச் சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை.

"குடுத்தவ கையால வாங்காததை உடுத்தக் கூடாது" என்றாள் கிழவி. "அதான் உடுத்தலை. தூக்கிப் போடவும் மனசு வரலை. உன்கிட்ட கேக்க எனக்கு வாய் வரலை, நீயும் கேக்கலை. ரெண்டு பேரும் சரியான கல்லுங்க."

மாமியார் அந்தத் துண்டைக் கையில் வாங்கினாள். வெகுநேரம் அதன் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். மூச்சு மறுபடி கிழவரின் தொண்டையில் சிக்கியது. "நேரமில்லம்மா" என்றான் மேஸ்திரி.

மாமியார் போய்த் துண்டை அவர் தோளில் போட்டாள். சேலையைக் கிழவியின் மடியில் வைத்தாள். பிறகு மண்டியிட்டாள். அறுபதை நெருங்கும் முழங்கால்கள், சத்தத்தோடு மடங்கின. பக்கத்தில் யாருமில்லாமல், அரை ஜோடியாக, இரண்டு பேருடைய பாதங்களையும் பிடித்துக்கொண்டு நெற்றியைத் தரையில் வைத்தாள். முதுகு குலுங்கியது. சத்தம் வரவில்லை.

கிழவி அவர் கையைத் தூக்கி அந்த நரைத்த தலையில் வைத்தாள். இந்த முறை விரல்கள் மடங்கவில்லை. சும்மா கிடந்தன. தன் கையையும் அதன்மேல் வைத்துக் கிழவி அழுத்திக்கொண்டாள்.

"நல்லா வச்சுக்கிட்டடி எங்களை" என்றாள். அவ்வளவுதான் வார்த்தை.

மாமியார் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது.

கிழவரை மறுபடி படுக்க வைக்கலாமா என்று அவள் கேட்க வாயெடுத்தாள். கிழவரின் கை அதற்குள் கிழவியின் மடியிலிருந்த பழைய சேலையின் ஓரத்தைத் தேடிப் பிடித்திருந்தது. இழுத்தது. ஒன்று. அடுத்தது வெகு தாமதமாக. மூன்றாவதைக் கண்ணால்தான் பார்க்க முடிந்தது. துணி அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது.

"மூணா, பாட்டி?"

கிழவி சேலையின் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்தாள். கையை மாற்றி, கையை மாற்றி, அவசரமில்லாமல், துணி முழுவதும் தன் மடிக்கு வந்து சேரும்வரை இழுத்தாள். கடைசியில் அவருடைய கையும் துணியோடு வந்தது.

"வந்துட்டாரு" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தன. பலகையின்மேல், கிழக்கைப் பார்த்தபடி, பழைய துண்டும் புது வேட்டியுமாக அவர் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி போய் அவர் கண்ணை மூடினான். மூடிவிட்டு, பூச்சுவேலையில் மட்டம் பார்ப்பதுபோல ஒரு அடி பின்னால் நகர்ந்து பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் பரவ நேரமாகவில்லை. பண்டிகைக்கு உடுத்தின புதுத்துணியோடேயே ஊர் வந்தது. பிள்ளைகளின் வாயோரத்தில் இனிப்பு ஒட்டியிருந்தது. வந்த ஆண்களில் பாதிப்பேர் அவர் வெட்டின கிணற்றைச் சொல்லித்தான் தங்களை அடையாளம் சொன்னார்கள். நான் கல்லுமேட்டுக் கிணத்துக்காரர் வீடு, நான் இரட்டைப்பனைக் கிணத்து வீடு என்று. ஒரு கிழவர் தடி ஊன்றி வந்து, எதுவும் சொல்லாமல், பாதத்தில் தலையை வைத்து நெடுநேரம் எடுக்கவில்லை. மூன்று நாள் மண்ணுக்கடியில் கிடந்து வெளியே வந்தவர் அவர்தான் என்று யாரோ சொன்னார்கள். மாமியார் அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போது அவரைத் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் காலில் விழுந்தார்கள். அவளும் விழவேண்டுமா என்று தெரியாமல் கிழவியைப் பார்த்தாள்.

"உனக்கு எதுக்கு? நீதான் காலையில வந்ததுமே போட்டுட்டியே" என்றாள் கிழவி. சுற்றியிருந்த பெண்கள் திடுக்கிட்டார்கள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அழுகையா சிரிப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. "போ, கொல்லையில போயி தண்ணி இறை. கடைசிக் குளியலுக்குக் குழாய்த் தண்ணி ஆகாது."

கொல்லைக் கிணறு. முதன்முதலாக அவர்கள் வெட்டிய கிணறாம், தங்களுக்கென்று. சுற்றுச்சுவர் இடுப்புயரம். அவள் எட்டிப் பார்த்தாள். சுவரின் பக்கமெல்லாம் கடப்பாரை விழுந்த தடங்கள், பல்லாயிரம், கீழே போகப் போக இருட்டில் மறைந்தன. அடியாழத்தில் வானம் ஒரு தட்டளவுக்குக் கிடந்தது. இரண்டு பேர். ஒருத்தர் உள்ளே, ஒருத்தி மேலே. வேறு யாருமில்லை. சாரத்தின் உச்சியில் நின்று கீழே பார்த்திருக்கிறாள், அப்போதெல்லாம் வராத தலைசுற்றல் இப்போது வந்தது.

வாளியை இறக்கினாள். கயிறு கையில் ஓடியது. கீழே தண்ணீரில் விழுந்த சத்தம் வெகு தாமதமாக வந்தது. வாளி சாய்ந்து, முங்கி, கனத்தது. இழுக்கப் போனாள்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து கயிற்றைப் பிடித்தது. தழும்பு குறுக்கே ஓடும் கை. கிழவி பக்கத்தில் வந்து நின்றிருந்தாள், புதுச்சேலையிலேயே. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, ஒரு காலைச் சுவரின் அடிக்கல்லில் முட்டுக் கொடுத்து, தலையைச் சற்றே சாய்த்து நின்றாள். கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. எதிரே வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாளி எப்போதோ நிறைந்துவிட்டது. கிழவி இழுக்கவில்லை, கீழேயிருந்து ஓர் இழுப்பு வரட்டும் என்பதுபோல.

கிழவியின் கைகளுக்குக் கீழே தன் கைகளையும் கயிற்றில் வைத்துக்கொண்டு, அவளும் நின்றாள்.